கத்தரிக்கோல் கணக்கு வேறு, பசைக் கணக்கு வேறு: டியூஷன் சென்டர் கைவினை அலமாரியில் இருப்பு இடித்தால் எங்கே பார்ப்பது

டியூஷன் சென்டரில் வார இறுதியில் ஓவியம், கைவினை வகுப்பு நடத்துகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான் இருக்கும். தேதி, பொருள், வரவு, செலவு, இருப்பு என்று கோடு போட்டு, கத்தரிக்கோலையும் கலர் பேப்பரையும் அடுத்தடுத்த வரியில் எழுதியிருப்பார்கள். ஆரம்பத்தில் இது ஓடும். இரண்டாவது பேட்ச் சேர்ந்ததும் இடிக்கத் தொடங்கும். ரெஜிஸ்டரில் இருப்பது அலமாரியில் இருக்காது, அலமாரியில் இருப்பது ரெஜிஸ்டரில் இருக்காது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, எனக்கு நன்றாகத் தெரிந்த அளவில் உள்ள ஒரு சென்டர்: சனிக்கிழமை மூன்று பேட்ச், பேட்சுக்கு 18 பிள்ளைகள், ஒரு ஓவிய மிஸ், அலமாரிச் சாவி வைத்திருக்கும் ஒரு அக்கா. கடைக்குப் போவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் சென்டர் இதைவிடச் சிறியதோ பெரியதோ, கோளாறுகள் இவைதான். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஆனால் முதலில் ஒரு சோதனையை மட்டும் படித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

முதலில்: வகுப்பு முடிந்ததும் திரும்பி வருகிறதா?

அலமாரியில் உள்ள எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் இது அலமாரிக்குத் திரும்ப வேண்டுமா? வந்தால், போனபடியே வருமா?

கத்தரிக்கோல், ஸ்கேல், பஞ்சிங் மெஷின், க்ளூ கன், குவில்லிங் ஊசி, கட்டிங் மேட் எல்லாம் போனபடியே திரும்ப வேண்டும். இவை திரும்புபவை. சார்ட், கலர் பேப்பர், பெவிகால், க்ளூ குச்சி, ஐஸ் குச்சி, குவில்லிங் பட்டை எல்லாம் பிள்ளையின் வேலையோடு வீட்டுக்குப் போய்விடும். இவை தீர்பவை. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. பிரஷ், ஸ்கெட்ச் பேனா, க்ரேயான், வண்ணத் தட்டு, கட்டர் பிளேடு. திரும்பி வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்து வரும். இவை தேய்பவை. அதிகக் குழப்பம் இந்த மூன்றாவது கூட்டத்தில்தான்.

விலையை வைத்துப் பிரிக்காதீர்கள். பல இடங்களில் "நூறு ரூபாய்க்கு மேல் என்றால் உபகரணம்" என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ பெவிகால் உபகரணமாகிவிடும், பென்சில் துருவி தீரும் பொருளாகிவிடும்.

கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுத்தால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவார்கள். அதே வீட்டுக்குப் போன மளிகைச் சாமானை யாரும் திருப்பி எண்ணுவதில்லை, எவ்வளவு ஆயிற்று என்றுதான் கேட்பார்கள். அலமாரியிலும் கேள்வி அப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்க வேண்டியது "எங்கே இருக்கிறது". பசையைப் பற்றிக் கேட்க வேண்டியது "எவ்வளவு இருக்கிறது". ஒரே 'இருப்பு' கோட்டில் இரண்டுக்கும் பதில் வாங்க முடியாது.

அறிகுறி: ரெஜிஸ்டரில் 24 கத்தரிக்கோல், கையில் 15

காலை இரண்டாவது பேட்ச் உட்கார்ந்தாயிற்று. மிஸ் அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

"அக்கா, கத்தரி பத்தலையே. பதினஞ்சுதான் இருக்கு."

"இருபத்து நாலுன்னு எழுதியிருக்கே மிஸ். போன வாரம்கூட நான்தானே எடுத்துக் கொடுத்தேன்."

இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது, பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி இன்னும் ஆறு வாங்குவது. ரெஜிஸ்டரில் வரவு 6, இருப்பு 30 என்று ஏறும். அடுத்த மாதம் காணாமல் போன ஒன்பதில் ஏழு, மூன்றாவது பேட்சின் முடிக்காத வேலைகள் வைத்திருக்கும் அட்டைப் பெட்டியின் அடியில் கிடைக்கும். இப்படித்தான் சில சென்டர்களில் பிள்ளைகளைவிடக் கத்தரிக்கோல் அதிகமாக இருந்தும் வகுப்பில் பற்றாக்குறை வருகிறது.

ரெஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். கத்தரிக்கோல் வரியில் 'செலவு' கோட்டில் 18, 18, 12 என்று எழுதி, எதிரே 'வரவு' ஒழுங்காக எழுதாமல் விட்டிருந்தால் அந்த 'இருப்பு' எண்ணையே நம்ப முடியாது. வகுப்புக்குக் கொடுத்ததைச் செலவாக எழுதினார்கள், திரும்ப வைத்ததை எழுத யாருக்கும் நேரமில்லை. சில நாள் எழுதினார்கள், சில நாள் இல்லை. இதைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்ய உட்காராதீர்கள், சரியாகாது.

சரிசெய்ய, திரும்புபவை எல்லாவற்றையும் வரவு செலவு ரெஜிஸ்டரிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். அவற்றுக்குத் தனியாக ஒரே ஒரு தாள் போதும். அதில் பொருளின் பெயர், இருக்க வேண்டிய எண்ணிக்கை, இருக்க வேண்டிய இடம், கடைசியாக எண்ணிய தேதி. வாங்கினாலோ உடைந்து தூக்கிப் போட்டாலோ மட்டும்தான் அந்த எண்ணிக்கை மாறும். வகுப்புக்குப் போவதும் வருவதும் அதில் ஏறவே கூடாது.

அப்புறம் எண்ணுவதை எளிதாக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் எண்ண மாட்டார்கள். 18 பிள்ளைகள் மூன்று மேஜையில் உட்கார்ந்தால் மேஜைக்கு ஒரு டப்பா. ஒவ்வொன்றிலும் ஆறு கத்தரிக்கோல், மூன்று ஸ்கேல், ஒரு துருவி. டப்பா மூடியின் உள்பக்கம் இந்தப் பட்டியலை ஒட்டிவிடுங்கள். மூன்று டப்பாவுக்கு மூன்று நிற டேப், அதே நிறம் ஒவ்வொரு கத்தரிக்கோல் பிடியிலும். மீதி ஆறு கத்தரிக்கோல் அலமாரியில் பூட்டிய மாற்று.

கத்தரிக்கோல்களை டப்பாவில் கொட்டி வைத்தால் எண்ணக் கை விட்டுத் துழாவ வேண்டும். தடித்த தெர்மாகோல் துண்டு ஒன்றில் ஆறு கீறல் போட்டு, முனை கீழே இருக்கும்படி குத்தி நிறுத்துங்கள். கீறல் காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும், எண்ணவே வேண்டாம். தெர்மாகோல் சில மாதங்களில் பிய்ந்துபோகும், மாற்றிக்கொள்ளலாம். எண்ண வேண்டிய நேரம் பிள்ளைகள் எழுந்து பை எடுப்பதற்கு முன்பு. பை தோளில் ஏறிய பிறகு எண்ணினால் கத்தரிக்கோல் வீதியில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைகள் சிலர் வீட்டிலிருந்து சொந்தக் கத்தரிக்கோல் கொண்டுவருவார்கள். சென்டருடையதும் அதே கடையில் வாங்கியதாக இருந்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை ஒரு வாரம் 25 ஆகவும் அடுத்த வாரம் 22 ஆகவும் ஆடினால் இதுதான் நடக்கிறது. கூடிக் குறைந்து ஆடினால் கலப்பு, குறைந்துகொண்டே போனால் இழப்பு. நிற டேப் ஒட்டிய பிறகு இந்த ஆட்டம் நின்றுவிடும்.

அறிகுறி: ரெஜிஸ்டரில் சார்ட் 10, அலமாரியில் 32

இது தீர்பவையில் வரும் கோளாறு. ஆச்சரியம் என்னவென்றால், கணக்கைவிடச் சரக்கு அதிகமாக இருப்பதால் யாரும் இதைக் கோளாறாகவே பார்ப்பதில்லை. கணக்கு பத்து என்று சொல்வதால் புதிதாக இருபது வாங்கி வைக்கிறார்கள். ஓரம் மடங்கி, வெயில்பட்டு நிறம் வெளுத்த சார்ட்கள் அலமாரிக்குப் பின்னால் சேர்வது இப்படித்தான்.

கணக்கை எடுத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் முழு சார்ட் 40. கடையில் கிடைக்கும் சார்ட் பொதுவாக 22 அங்குலத்துக்கு 28 அங்குலம். பிள்ளைகளுக்கு அதை நாலாக வெட்டி, 14 அங்குலத்துக்கு 11 அங்குலத் துண்டாகத்தான் கொடுக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் மிஸ் 'சார்ட் 30' என்று எழுதினார். அவர் கொடுத்தது 30 துண்டு, அதாவது ஏழரை சார்ட். எட்டு சார்ட் வெட்டி, இரண்டு துண்டு மிச்சம். அக்கா 40-இல் 30 கழித்து 10 என்று போட்டுவிட்டார். உண்மையில் இருப்பது 32 முழு சார்ட், இரண்டு கால் துண்டு.

தலைகீழாகவும் நடக்கும். ஐஸ் குச்சி 5 என்று வரவு எழுதியிருப்பார்கள், அது ஐந்து பாக்கெட். வகுப்புக்கு 120 குச்சி போனதும் இருப்பு மைனஸ் 115. ஒரு வித்தியாசத்தைக் கண்டால் உடனே எழுதியிருக்கும் எண்ணை வகுத்தோ பெருக்கியோ பாருங்கள். உங்கள் பாக்கெட்டில் எத்தனை இருக்குமோ அந்த எண்ணாலோ, நாலாலோ, ரீம் பேப்பர் என்றால் 500-ஆலோ கணக்கு நேராகிறது என்றால் திருட்டும் இல்லை, வீணும் இல்லை, அளவுதான் மாறியிருக்கிறது.

வழி என்ன? ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஓர் அளவு. வாங்கும் அளவை எடுக்காதீர்கள், வகுப்புக்குக் கொடுக்கும் அளவை எடுங்கள். சார்ட்டுக்கு 'கால் துண்டு'. 40 சார்ட் வாங்கினால் வரவு 160 கால் என்று எழுதுங்கள். பெருக்கல் வாங்கிய அன்று ஒருமுறை, நிதானமாக, பில்லைப் பார்த்துச் செய்யப்படுகிறது. வகுப்பு முடிந்து அவசரத்தில் எழுதும் மிஸ்ஸுக்குத் தலையைப் பிய்க்கும் வேலை இல்லை. தாளின் இடப்பக்கக் கோட்டில் பொருளின் பெயரோடேயே அளவையும் எழுதிவிட வேண்டும். 'சார்ட்' என்று எழுதாமல் 'சார்ட் (கால்)', 'ஐஸ் குச்சி (எண்)', 'கலர் பேப்பர் (ஏ4 தாள்)'.

அறிகுறி: இருப்பு சரியாக இருக்கிறது, ஆனால் எதுவும் வேலைக்கு ஆகவில்லை

பிரஷ் 36 என்று எழுதியிருக்கிறது. எண்ணினாலும் 36. ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குக் கோடு வரவில்லை. இது தேய்பவையின் கோளாறு. இருக்கிறதா என்று மட்டும் எண்ணினோம், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

உருண்டை பிரஷ்ஷை நன்றாகத் தண்ணீரில் நனைத்து, ஒரு உதறு உதறுங்கள். முடி தானாக ஒரு முனையில் சேர வேண்டும். சேராமல் இரண்டாகப் பிளந்தாலோ, விசிறி போல விரிந்தே நின்றாலோ அது ஓவிய பிரஷ் இல்லை. பிறகு உலோகப் பட்டையைப் பிடித்துக் கைப்பிடியை லேசாகத் திருகிப் பாருங்கள். ஆடினால், பிள்ளைகள் பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் பட்டைக்குள் ஏறி மரம் ஊறிப் பருத்து, காய்ந்ததும் சுருங்கி, பிடி கழன்றுவிடும். முடியும் அதே நேரத்தில் அடியில் மடங்கிப்போகும். பட்டைக்கு மேலே கைப்பிடியின் பெயின்ட் செதிலாக உதிர்வது இதன் முதல் அடையாளம். அதைப் பார்த்ததும் மேஜையில் பிரஷ் படுக்கவைக்க ஒரு மடித்த துணி வைத்துவிட்டால் மீதி பிரஷ்கள் பிழைக்கும்.

தேர்ச்சி பெறாத பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டாம். பிடியில் ஒரு சுற்று வெள்ளை டேப் ஒட்டிப் பசை பிரஷ்ஷாக இறக்குங்கள். ஆனால் தாளில் கட்டாயம் எழுத வேண்டும்: ஓவிய பிரஷ் 36-இலிருந்து 21, பசை பிரஷ் 15. இப்படி எழுதாமல் விட்டால் அடுத்த வாங்கும் பட்டியலில் பிரஷ் வரவே வராது. அக்ரிலிக் பூசியபடியே காய்ந்துபோன பிரஷ் பசைக்கும் ஆகாது, அதை மட்டும் கழித்துவிடலாம்.

ஸ்கெட்ச் பேனாவில் வேறு சிக்கல். செட்டாக எண்ணுகிறோம், ஆனால் அது செட்டாகத் தீர்வதில்லை. கறுப்பும் சிவப்பும் முதலில் போகும். பத்து செட் இருக்கிறது என்று ரெஜிஸ்டர் சொல்லும், பத்திலும் கறுப்பு எழுதாது. மூன்று மாதம் ஓடிய செட்களைப் பிரித்து, நிறம் வாரியாக டம்ளர்களில் போட்டு, ஒவ்வொன்றாகப் பழைய தாளில் கிறுக்கிப் பார்த்து, எழுதாததை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு எழுதும் கறுப்பு எத்தனை என்பது மட்டும்தான் கணக்கு. பிள்ளைகளில் பாதிப் பேருக்குக்கூடக் கறுப்பு இல்லை என்றால் புது செட் வாங்க வேண்டிய நேரம்.

போஸ்டர் கலரிலும் இதேதான், அங்கே முதலில் தீர்வது வெள்ளை. எந்த நிறத்தை வெளிறச் செய்ய வேண்டுமானாலும் அதைத்தான் கலக்கிறார்கள். அதனால் பன்னிரண்டு நிறத்தையும் எண்ண வேண்டாம், வெள்ளையை எண்ணினால் மீதி தெரிந்துவிடும். கெட்டிப்பட்ட போஸ்டர் கலரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்கிப் போட வேண்டும், பல நேரம் இளகிவிடும். அக்ரிலிக் காய்ந்தால் இளகாது, அது இருப்பே இல்லை.

தேய்பவையை வகுப்புக்கு வகுப்பு எழுதத் தேவையில்லை. மாதம் ஒருமுறை, கடைசி சனிக்கிழமை மாலை, உதறிப் பார்த்தும் கிறுக்கிப் பார்த்தும் எண்ணினால் போதும்.

அறிகுறி: பெவிகால் எப்போது பார்த்தாலும் தீர்ந்துபோகிறது

'பெவிகால் 1 டப்பா' என்று செலவு எழுதும் வரை இதற்கு விடை கிடைக்காது. திறந்த டப்பாவில் கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் ரெஜிஸ்டரில் ஒன்றுதான். வீட்டுச் சமையலறைத் தராசு ஒன்று போதும், இந்தக் கோளாறு ஒரே வகுப்பில் புரிந்துவிடும்.

வகுப்புக்கு முன் டப்பாவை மூடியோடு நிறுத்துங்கள். 812 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பு முடிந்ததும் மறுபடி நிறுத்தினால் 668. போனது 144 கிராம், 18 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 8 கிராம். மூன்று பேட்ச், 54 பிள்ளைகள் என்றால் வாரத்துக்கு 432 கிராம். காகித வேலை நாளுக்கு ஒருமுறை, ஐஸ் குச்சி வீடு மாதிரி கனமான வேலை நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு தடவை நிறுத்திப் பார்ப்பது நல்லது, இரண்டும் ஒன்றாக இருக்காது. பெரியதையே கணக்குக்கு எடுங்கள்.

கடைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறோம். எனவே கடை நாளில் கையில் இருக்க வேண்டியது இரண்டு வாரத்துக்கு 864 கிராம், ஒரு வாரம் தள்ளிப்போனாலும் தாங்க இன்னொரு 432. மொத்தம் 1,296, சுமாராக 1,300 கிராம். அன்று நிறுத்தும்போது அதற்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டும், மேலே இருந்தால் வேண்டாம். டப்பாவின் வெறும் எடையை மூடியில் மார்க்கரால் எழுதி வைத்தால் ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ளலாம்.

இதில் பிள்ளைகளின் வேலையில் ஒட்டியது எவ்வளவு, வீணானது எவ்வளவு என்றும் பாருங்கள். மேஜை நடுவில் இருக்கும் பசைக் கிண்ணத்தை வகுப்பு முடிந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி படலம், நடுவில் மேல்தோல் கட்டிய பசை, அதற்குள் இரண்டு ஐஸ் குச்சி. அது கழுவும் தொட்டிக்குத்தான் போகும். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கிண்ணம் ஊற்றுவதை விட்டு, பாட்டில் மூடி அளவுக்கு ஊற்றி, தீரத் தீர நிரப்பிக் கொடுங்கள். மறுவாரம் மறுபடி நிறுத்திப் பார்த்தால் ஆளுக்கு எத்தனை கிராம் இறங்கியது என்று எண்ணிலேயே தெரியும். போன வகுப்பு முடிவில் கண்ட எடையைவிட இந்த வகுப்பின் தொடக்க எடை குறைவாக இருந்தால் அந்தப் பசை வகுப்பில் போகவில்லை, மூடி சரியாக மூடாமல் அலமாரியில் இறுகுகிறது.

அறிகுறி: கருவி இருக்கிறது, போட வேண்டியது சேரவில்லை

க்ளூ கன் இரண்டு இருக்கிறது, குச்சி ஒரு பாக்கெட் இருக்கிறது, ஆனால் குச்சி உள்ளே போகவில்லை. சின்ன கன்னுக்கு 7 மில்லிமீட்டர் குச்சி, பெரிய கன்னுக்கு 11 மில்லிமீட்டர். கட்டரிலும் 9, 18 என்று இரண்டு அகலம். ஸ்டேப்ளரில் நம்பர் 10 பின் வேறு, 24/6 பின் வேறு. திரும்புபவை பட்டியலையும் தீர்பவை பட்டியலையும் பிரித்த பிறகு இந்தக் கோளாறு அதிகமாக வரும், ஏனென்றால் ஜோடிகள் இரண்டு தாளுக்குப் பிரிந்துபோயின. கருவியின் வரியில் 'இதற்குப் போடுவது' என்று ஒரு கோடு சேர்த்து அளவை எழுதுங்கள். கருவியின் உடம்பிலேயே '7', '18' என்று மார்க்கரால் எழுதிவிட்டால் கடைக்குப் போகிறவர் போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம்.

அறிகுறி: ஷீட்டில் இருப்பு மைனஸ் காட்டுகிறது

தீர்பவைக் கணக்கை கூகுள் ஷீட்டில் வைத்திருப்பவர்களுக்கு. `Moves` என்ற தாளில் தேதி, குறியீடு, வகை, அளவு என்று நாலு கோடு. `Stock` தாளில் A கோட்டில் குறியீடு, பக்கத்தில் இருப்பு. வகையில் மூன்றே சொல்: வாங்கியது IN, வகுப்புக்குப் போனது OUT, எண்ணிப் பார்த்தபோது கண்ட வித்தியாசம் ADJ. வித்தியாசம் குறைவாக இருந்தால் அளவை மைனஸாகப் போட வேண்டும்.

```
=SUMIFS(Moves!D:D,Moves!B:B,A2,Moves!C:C,"IN")
-SUMIFS(Moves!D:D,Moves!B:B,A2,Moves!C:C,"OUT")
+SUMIFS(Moves!D:D,Moves!B:B,A2,Moves!C:C,"ADJ")
```

உள்ளே வராத பொருள் வெளியே போக முடியாது. எனவே மைனஸ் வந்தால் வகுப்பில் அதிகம் செலவானதாக நினைக்காதீர்கள், வரவு ஒன்று கணக்கில் ஏறவில்லை. அளவுக் குழப்பத்தை மேலே பார்த்தாயிற்று. அது இல்லையென்றால் அடுத்து, மிஸ் வரும் வழியில் தன் கைக்காசில் வாங்கி நேராக வகுப்புக்குக் கொண்டுபோன கலர் பேப்பர். அது OUT-இல் மட்டும் இருக்கும். பில்லைக் கேட்டு வாங்கினால் IN கிடைத்துவிடும், மிஸ்ஸுக்குப் பணமும் கிடைத்துவிடும்.

அப்படியும் நேராகவில்லை என்றால் ஷீட்டே எண்ணைத் தின்றிருக்கும். அளவுக் கோட்டில் யாராவது '5 பாக்கெட்' என்று எழுத்தோடு சேர்த்து அடித்திருந்தால் SUMIFS அதைக் கூட்டாமல் தாண்டிவிடும், பிழை என்றும் காட்டாது. சாதாரணமாக எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். இடப்பக்கம் நிற்கும் எண்ணைத் தேடுங்கள். பெயரிலும் இதே ஆபத்து. 'சார்ட்', 'சார்ட்டு', கடைசியில் ஒரு இடைவெளி விழுந்த 'சார்ட் ' மூன்றும் ஷீட்டுக்கு மூன்று பொருள். அதனால்தான் பெயருக்குப் பதில் CH4, GLU மாதிரி சின்னக் குறியீடு. `Stock` பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் காட்டிக்கொடுக்க, `Moves` தாளின் E2-இல்:

```
=IF(B2="","",IF(COUNTIF(Stock!A:A,B2)=0,"CHECK",""))
```

இதைக் கீழே இழுத்துவிட்டால் தவறான வரி தானாகத் தெரியும். குறியீட்டுக்கு Data validation-இல் பட்டியல் வைத்து, Reject the input என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பட்டியலில் இல்லாததை அடிக்க முடியாது. எண்ணிப் பார்த்து வித்தியாசம் கண்டால் இருப்புக் கட்டத்தில் நேராக எண்ணை அடிக்காதீர்கள், சூத்திரம் அழிந்துவிடும். ADJ வரி ஒன்று போட்டு F கோட்டில் காரணம் எழுதுங்கள்: 'ஈரம் பட்டது', 'எறும்பு அரித்தது', 'காரணம் தெரியவில்லை'. கடைசிக் காரணம் ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பொருளைத்தான் கவனிக்க வேண்டும்.

அறிகுறி: பிள்ளைக்கு ஆகும் பொருள் செலவு மாதத்துக்கு மாதம் எகிறி இறங்குகிறது

மெட்டீரியல் ஃபீஸ் வாங்கும் சென்டர்களில் பெற்றோரோடு மனத்தாங்கல் வருவது இங்கேதான். ஒரு மாதப் பில்களைக் கூட்டினால் 7,020 ரூபாய். 54 பிள்ளைகளுக்கு வகுத்தால் ஆளுக்கு 130. போன மாதம் 80 தான் ஆயிற்று. ஃபீஸை ஏற்றலாமா என்று யோசிக்கிறார்கள்.

பில்களைப் பிரித்துப் பாருங்கள். அந்த 7,020-இல் இரண்டு க்ளூ கன், சில பஞ்சிங் மெஷின் என்று 2,700 ரூபாய் போயிருக்கிறது. தீர்பவையும் தேய்பவையும் 4,320 தான், ஆளுக்கு அதே 80. செலவு ஏறவே இல்லை. பஞ்சிங் மெஷின் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் உழைக்கப் போகிறது, அதை இந்த மாதப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது நியாயமில்லை. திரும்புபவை சென்டரின் முதலீடு, வகுப்புக் கட்டணத்திலிருந்து வர வேண்டும். மெட்டீரியல் ஃபீஸில் தீர்பவையும், தேய்பவைக்கு மாதாமாதம் ஒதுக்கும் ஒரு சின்னத் தொகையும் மட்டுமே இருக்க வேண்டும். கடையில் ஒரே பில்லாகப் போட்டுத் தந்தால் வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடும். அங்கேயே இரண்டு பில்லாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேட்சுக்கும் வேண்டும்

இதை வாங்கித் தீர்க்க வேண்டாம். திரும்புபவைக்குத் தேவையான எண்ணிக்கை மொத்தப் பிள்ளைகளைப் பொறுத்தது இல்லை, ஒரே நேரத்தில் உட்காரும் பிள்ளைகளைப் பொறுத்தது. 54 பேர் மூன்று பேட்சாக வந்தால் 18 கத்தரிக்கோலும் கொஞ்சம் மாற்றும் போதும். இரண்டு பேட்ச் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றுக்குக் கத்தரிக்கோல் வேலை, மற்றதற்குப் பிரஷ் வேலை என்று மிஸ் மாற்றிப் போட்டாலே தீர்ந்துவிடும். க்ளூ கன் எப்படியும் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும், முனை சுட்டால் தோல் வெந்துவிடும். ஆகவே அறைக்கு ஒன்றுக்கு மேல் கேட்டு யாராவது பட்டியல் எழுதினால் கொஞ்சம் யோசியுங்கள்.

அறிகுறி: மணி, ஜிகினா, பொம்மைக் கண் எதுவும் கணக்கில் நிற்கவில்லை

நிற்காது. நிறுத்தவும் முயல வேண்டாம். ஒரு பாக்கெட் மணியை எண்ணுவதற்கு அக்கா செலவிடும் அரை மணி நேரத்தின் விலை அந்தப் பாக்கெட்டைவிட அதிகம். இப்படிப்பட்ட பொடிப் பொருள்களுக்கு இரண்டு பை முறை போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு பாக்கெட் வாங்கி, ஒன்றைத் திறந்து பயன்படுத்துங்கள். மற்றதை ஒட்டியபடியே பின்னால் வைத்து, அதன் மேல் பொருளின் பெயரும் கடையின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்றைக் குத்துங்கள். முதல் பாக்கெட் தீர்ந்து இரண்டாவதைப் பிரிக்கும் அன்று, சீட்டைக் கழற்றி வாங்கும் பட்டியல் ஒட்டியிருக்கும் பலகையில் மாட்டிவிட வேண்டும். கடைக்குப் போகிறவர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போவார், வாங்கி வந்த பாக்கெட்டில் மறுபடி குத்திவிடுவார். ரெஜிஸ்டரில் இவற்றுக்கு வரியே வேண்டாம்.